அந்த 250

சங்கத்தின் பொருளாளர் நான் சரிபார்ப்பதற்காக அனுப்பிய ஆண்டுக் கணக்கில் வங்கி இருப்பு 4,310 என்றிருந்தது. வங்கி அறிக்கையின்படி ஆண்டின் கடைசி நாளில் 4,970. கொடுத்தும் பணமாகாத இரண்டு காசோலைகளுக்கு 410 கழித்தபின்னும் 250 இடித்தது. தேடியதில், அவர் வெளிநாட்டிலிருந்து தம் சொந்த அட்டையில் கட்டிய மூன்று செலவுகளுக்காகத் தமக்கே திருப்பி எடுத்துக்கொண்ட தொகை அது என்று தெரிந்தது. கடைசி நாள் தேதியிட்டு எழுதியிருந்தாலும், பணம் போனது ஒன்பது நாள் கழித்தே. ஆகவே அந்தப் பணம் வெளியேறியது அடுத்த ஆண்டில். இந்த ஆண்டின் கடைசி நாளில் அது சங்கம் அவருக்குத் தர வேண்டிய கடன் மட்டுமே. இருப்பை 4,560 என்று திருத்தினால் கணக்கு நேராகிவிடும்.

அத்துடன் நான் நின்றிருக்கலாம். ஆனால், மூன்று ரசீதுகளையும் அவர் எழுதிய மாற்று விகிதத்தில் கூட்டினால் 232 தான் வந்தது, 18 குறைந்தது. அதைவிட உறுத்தியது, நான் பார்த்த வங்கி அறிக்கையே அவர் விரிதாளில் இறக்கி அனுப்பியது என்பது. யார் கணக்கைப் பார்க்கிறேனோ அவர் கையால் வரும் தாளை வைத்து அவர் கணக்கைச் சரிபார்ப்பதில் என்ன பொருள்?

“அண்ணா, வங்கி அறிக்கையைச் செயலாளர் வங்கியிடமே வாங்கி எனக்கு அனுப்பட்டும்” என்றேன். தொலைபேசியில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை தம்பி” என்றார். “உங்கள்மேல் சந்தேகமில்லை, முறைக்காகக் கேட்கிறேன்” என்றேன். அதை எத்தனை முறை மனத்தில் ஓட்டிப் பார்த்தாலும் பாதிப் பொய்யாகவே படுகிறது. சந்தேகமில்லையென்றால், அந்த 18ஐ நான் ஏன் முதலில் குறித்து வைத்தேன்?

அந்த 18 அட்டை நிறுவனம் பிடித்த அந்நியச் செலாவணிக் கட்டணம் என்று அவர் அட்டை அறிக்கையைக் காட்டினார். செயலாளர் வாங்கியனுப்பிய அறிக்கையும் விரிதாளோடு வரிக்கு வரி ஒத்துப்போனது. ஆனால் அதை அனுப்பும்போது செயலாளர் வெகுளியாக ஒன்றைச் சொன்னார்: இருவர் ஒப்புதல் வேண்டிய ஒவ்வொரு பணமாற்றத்துக்கும் தம் கைப்பேசிக்கு வரும் குறியீட்டைப் பொருளாளருக்குப் படித்துச் சொல்லிவிடுவாராம், எதற்கென்று கேட்பதில்லையாம். அதாவது, தமக்குத் தாமே பணம் கொடுக்கும் ஒருவருக்கு இரண்டாம் ஒப்புதல் என்பதே இருந்திருக்கவில்லை. நான் கேட்ட கேள்விக்கு இதைத்தான் நியாயமாகச் சொல்லிக்கொள்கிறேன், கேட்கும்போது இது எனக்குத் தெரியாது என்றபோதிலும்.

நான் செய்தது தணிக்கையன்று. கவனத்துக்குக் குறை எதுவும் வரவில்லை என்று மட்டுமே என் அறிக்கை சொல்லும், அப்படித்தான் கையெழுத்திட்டேன். குறியீட்டு விஷயத்தை அறிக்கையில் சேர்க்காமல், நிர்வாகக் குழுவுக்குத் தனிக் கடிதமாக எழுதினேன். அது பொதுக்குழுவின் முன் படிக்கப்படாது என்று அறிந்தே அப்படிச் செய்தேனா, தொலைபேசியில் பொருளாளர் காத்த மௌனத்துக்கு ஈடாகச் செய்தேனா என்பது இன்னும் எனக்குத் தெளிவில்லை. அடுத்த ஆண்டுக்கு வேறு பொருளாளரைப் பார்க்கச் சொல்லி அவர் எழுதிய கடிதத்தில் உடல்நிலையைத்தான் காரணம் காட்டியிருந்தார்.