வெண்டைக் கன்றும் ஒரு பத்தியும்: ஆயர் ஈத்தாம் நாட்குறிப்பு

ஜூலை 6, 2025, ஞாயிறு

பள்ளிக் கண்காட்சிக்கு மகன் தேர்ந்தெடுத்த தலைப்பு: அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றினால் செடி உயரமாக வளருமா? யோசனை பாட்டியுடையது. அவர் நாற்பது வருடமாகக் கறிவேப்பிலைக்கு அதைத்தான் ஊற்றுகிறார், செடியும் செழிப்பாகத்தான் இருக்கிறது.

கடையில் வாங்கிய வெண்டை விதையை நேற்றிரவு ஊறப் போட்டோம். இன்று காலை ஆறு கோப்பைகளில், ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில், கோப்பைக்கு ஒரு விதை. தே ஆயிஸ் கட்டிக் கொடுக்கும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் கோப்பைகள்தாம். அடியில் ஓட்டை போட்டிருக்கிறோம். மூன்றில் ‘த’ (குழாய்த் தண்ணீர்), மூன்றில் ‘அ’ (அரிசித் தண்ணீர்) என்று மார்க்கரில் எழுதினான். மண், கோப்பை, தண்ணீரின் அளவு எல்லாம் கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று பாடப் புத்தகத்தைப் பார்த்து ஒப்பித்தான். எல்லாம் சரி என்று நானும் தலையாட்டினேன். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 13, ஞாயிறு

ஆறும் முளைத்துவிட்டன. முதல் படம் எடுத்தோம், முதல் அளவும் எடுத்தோம். அதற்கு முன்னால் அரை மணி நேரம் வாக்குவாதம். எங்கிருந்து எதுவரை அளப்பது?

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். அளக்கும் இடத்தை முதலில் முடிவு செய்யாமல் ஸ்கேலைக் கையில் எடுத்தால் என் மேலதிகாரி விரட்டுவார். இலை நுனி வரை அளந்தால் மதிய வெயிலில் இலை தொங்கியதும் செடி ‘குட்டையாகி’விடும். மண்ணிலிருந்து அளந்தாலும் சிக்கல் உண்டு, ஏனென்றால் தண்ணீர் ஊற்ற ஊற்ற மண் அமுங்கிக் கீழே இறங்கும். செடி வளராமலே அரை சென்டிமீட்டர் கூடிவிடும். அதனால் ஒவ்வொரு கோப்பையிலும் அடிவரை போய் முட்டும்படி ஒரு சாத்தே குச்சியைச் செருகி, இன்றைய மண் மட்டத்தில் பேனாவால் கோடு போட்டோம். கோட்டிலிருந்து தண்டின் வளரும் நுனி வரை, ஞாயிறு காலை எட்டு மணிக்கு. இதுதான் விதி.

த: 3.0, 3.2, 2.8. அ: 4.0, 4.4, 2.7.

“பாத்தீங்களா அம்மா, பாட்டி சொன்னது சரி!” ஒரு வாரத்திலேயே தீர்ப்பு.

ஜூலை 21, திங்கள்

நேற்று அளக்க மறந்துவிட்டோம். தண்ணீர்மலைக் கோவிலுக்குப் போகும் அவசரத்தில் அவன் படம் மட்டும் எடுத்திருக்கிறான். இன்றைக்கு அளந்து நேற்றைய தேதியைப் போட்டுவிடலாமா என்று கேட்டான். முளைத்து இரண்டு வாரம்கூட ஆகாத செடி ஒரே நாளில் நாலைந்து மில்லிமீட்டர் கூடும். அந்த அளவு எங்கள் அட்டவணையில் பெரிய தொகை. முடியாது என்றேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

அ3 செத்துவிட்டது. மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நூல் மாதிரி மெலிந்து, பழுப்பாகி, அப்படியே படுத்துவிட்டது. மண்மேல் வெள்ளையாகப் பூஞ்சணம். ஈரம் அதிகமானால் இளங்கன்றுகளுக்கு வருகிற அழுகல் இது. அரிசித் தண்ணீரின் மாவுச்சத்து பூஞ்சணத்துக்குத் தீனியாகியிருக்கலாம், ஆனால் ஒரு கோப்பையை வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

ஜூலை 27, ஞாயிறு

இன்று கையால் அளந்தோம், படமும் எடுத்தோம். த1 கையில் 9.0. படத்தில் செடிக்குப் பின்னால் நிற்கும் ஸ்கேலைப் பார்த்தால் 10.2. ஒன்று பொய் சொல்கிறது.

பொய் சொன்னது படம்தான். கைப்பேசி செடியிலிருந்து 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தது. ஸ்கேல் செடிக்குப் பின்னால் இன்னும் 4 சென்டிமீட்டர் தள்ளி, சுவரில் ஒட்டியிருந்தது. கிட்டே இருப்பது பெரிதாகத் தெரியும், தள்ளி இருப்பது சிறிதாகத் தெரியும். 9.0-ஐ 34-ஆல் பெருக்கி 30-ஆல் வகுத்தால் 10.2. அவனே போட்டுப் பார்த்தான், அச்சாக வந்தது. கைப்பேசியை ஒரு மீட்டர் தள்ளி வைத்து, பெரிதாக்கி எடுத்திருந்தால் பிழை 4 மில்லிமீட்டருக்குள் அடங்கியிருக்கும். ஸ்கேலைச் செடிக்குப் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தால் பிழையே இருந்திருக்காது.

சரி, அளக்காத இரண்டாம் வாரத்துக்கு என்ன செய்வது? அன்றைக்கு எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது. ஆனால் கோப்பை இருக்கிறதே! செடி நிற்பது அதற்குள்தான், தூரம் ஒன்றுதான். உயரம் 10.0 சென்டிமீட்டர், அது வளர்வதும் இல்லை. படத்தை லேப்டாப்பில் திறந்து, திரைமேலேயே ஸ்கேலை வைத்தோம். கோப்பை 16.0, செடி 10.1. அப்படியானால் செடியின் உண்மையான உயரம் 6.3.

இதை நம்பலாமா? இன்றைய படத்தில் சோதித்தோம், ஏனென்றால் இன்றைக்குக் கை அளவும் இருக்கிறது. த1: திரையில் கோப்பை 14.0, செடி 12.6, அதாவது 9.0. கையளவும் அதேதான். த2-இன் படக்கணக்கு 8.6, கையளவு 8.4. ஆக, இந்த முறையில் இரண்டு மில்லிமீட்டர் வரை தப்பு வருகிறது. இரண்டாம் வார எண்களை ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் அவை அளந்த எண்கள் இல்லை என்று பக்கத்தில் எழுதியாக வேண்டும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கடைசிப் படம். த: 11.6, 10.9, 11.4. அ: 13.9, 14.5. அவன் கையில் ஏற்கெனவே வாக்கியம் தயார்: “அரிசித் தண்ணீர் செடியை 2.9 சென்டிமீட்டர் கூடுதலாக வளரச் செய்தது.”

நான்கு வாரப் படங்களையும் வரிசையாகத் திரையில் போட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டவணையில் தெரியாத ஒன்று படத்தில் தெரிந்தது. ‘த’ கன்றுகள் கரும்பச்சை, நேராக நிற்கின்றன. ‘அ’ கன்றுகள் வெளிறிய பச்சை, இரண்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. எண்ணிப் பார்க்கச் சொன்னேன். விதையிலையைச் சேர்க்காமல் ‘த’-வில் நான்கு இலை, ‘அ’-வில் மூன்று. மண் கோட்டிலிருந்து விதையிலை வரைக்குமான தண்டை மட்டும் அளக்கச் சொன்னேன். ‘த’-வில் நான்கு சென்டிமீட்டர் சுமார், ‘அ’-வில் ஆறரை.

“எந்தக் கோப்பை எங்க இருந்துச்சு?” என்று கேட்டேன். பதில் பாட்டியிடமிருந்து வந்தது. அரிசித் தண்ணீர் ஊற்ற வசதியாக ‘அ’ கோப்பைகளை அவர் சமையலறைக் கதவோரம் வைத்திருக்கிறார். ‘த’ கோப்பைகள் நடைபாதைத் திட்டில், கிழக்கு வெயில் நேராக விழும் இடத்தில். நான்கு வாரமும் அப்படியே. தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போனேன்.

வெளிச்சம் குறைந்த இடத்தில் முளைக்கும் கன்று இலையில் செலவழிக்க வேண்டியதைத் தண்டில் செலவழிக்கும். வெளிச்சத்தை எட்டிப் பிடிக்க நீளும், மெலியும், வெளிறும், வெளிச்சம் வரும் பக்கம் சாயும். எங்கள் 2.9 சென்டிமீட்டரில் அரிசித் தண்ணீரின் பங்கு எவ்வளவு, நிழலின் பங்கு எவ்வளவு? பிரிக்க வழியில்லை. ‘எல்லாம் சரி’ என்று நான் தலையாட்டிய நாளில் வெளிச்சத்தை யாருமே பட்டியலில் எழுதவில்லை.

மகன் அழவில்லை, ஆனால் இரவு சரியாகச் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வேலையிலிருந்து வந்ததும் உட்கார்ந்தோம். ஆசிரியை அறிக்கையில் வளர்ச்சியைப் பற்றி ஒரே ஒரு பத்திதான் கேட்டிருக்கிறார். அந்த ஒரு பத்திக்கு மூன்று மணி நேரம்.

முதல் தகராறு சராசரி. முதல் வாரம் ‘அ’ மூன்றின் சராசரி 3.7. இரண்டாம் வாரம் பிழைத்த இரண்டின் சராசரி 7.9. கழித்தால் 4.2 வளர்ச்சி என்று எழுதியிருந்தான். ஆனால் குட்டையாக இருந்த கன்று செத்ததாலேயே சராசரி ஏறிவிடும், யாரும் வளர வேண்டியதில்லை. வகுப்பில் குள்ளமான பையன் பள்ளி மாறிப் போனால் மற்றவர்கள் உயர்ந்துவிடுவார்களா என்று கேட்டேன், சிரித்துவிட்டான். பிழைத்த இரண்டை மட்டும் எடுத்தால் முதல் வாரச் சராசரி 4.2, வளர்ச்சி 3.7.

அடுத்தது தசமப் புள்ளி. த1-ஐ நான் ஒரு முறையும் அவன் இரண்டு முறையும், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல், ஞாயிறன்றே அளந்து வைத்திருந்தோம். 11.6, 11.4, 11.7. அதே செடி, அதே காலை, மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம். ஆகவே கணிப்பானில் வரும் ‘8.667’ மாதிரி எண்களுக்கு எங்கள் பத்தியில் வேலை இல்லை.

பிறகு பெரிய தகராறு. “தப்ப நாமளே சொல்லிக் குடுத்தா மார்க்கு போயிடும்மா.” அவன் பாடப் புத்தகத்தையே திருப்பிக் காட்டினேன். உற்றறிதல் ஒன்று, ஊகித்தல் இன்னொன்று. ‘அ’ கன்று உயரமாக இருந்தது என்பது உற்றறிந்தது. அரிசித் தண்ணீரால் என்பது ஊகம், அதுவும் நிழலில் வைத்த ஊகம். முதலாவதை அடித்துச் சொல்லலாம். இரண்டாவதற்கு நம்மிடம் ஆதாரம் இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

அவன் கையெழுத்தில் கடைசி வடிவம். இரண்டு வாக்கியங்களில் மட்டும் நான் கை வைத்தேன்.

“படம் 1 முதல் 4 வரை வெண்டைக் கன்றுகளின் நான்கு வார வளர்ச்சியைக் காட்டுகின்றன. குழாய்த் தண்ணீர் ஊற்றிய மூன்று கன்றுகளின் சராசரி உயரம் 3.0, 6.1, 8.7, 11.3 செ.மீ. அரிசித் தண்ணீர் ஊற்றியவற்றில் பிழைத்த இரண்டின் சராசரி 4.2, 7.9, 11.1, 14.2 செ.மீ. மூன்றாவது கன்று இரண்டாம் வாரம் அழுகி இறந்தது. அதன் முதல் வார உயரம் 2.7 செ.மீ. எல்லா உயரங்களையும் குச்சியில் போட்ட கோட்டிலிருந்து வளரும் நுனி வரை அளந்தோம். ஒரே கன்றைத் திரும்ப அளந்தபோது 0.3 செ.மீ. வரை மாறியது. இரண்டாம் வாரம் நாங்கள் அளக்கவில்லை. அந்த உயரங்களைப் படத்தில் உள்ள கோப்பையோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டோம். அரிசித் தண்ணீர்க் கன்றுகள் உயரமாக இருந்தாலும் வெளிறி, சாய்ந்து, ஓர் இலை குறைவாக இருந்தன. அவை வெளிச்சம் குறைந்த இடத்தில் இருந்தன. ஆகவே உயர வித்தியாசத்துக்குக் காரணம் தண்ணீரா வெளிச்சமா என்று இந்த ஆய்வால் சொல்ல முடியாது. கன்றுகளின் எண்ணிக்கையும் மிகக் குறைவு.”

ஸ்கேல் தெரியும் மூன்றாம் வாரப் படத்தை வெட்டிவிடலாமா என்று கேட்டான். வேண்டாம், படத்துக்குக் கீழே எழுது என்றேன். எழுதினான்: ‘ஸ்கேல் செடிக்குப் பின்னால் உள்ளது. படத்தில் தெரியும் 10.2 தவறு. கையால் அளந்தது 9.0.’

பாட்டி இன்று மறுபடியும் பன்னிரண்டு விதை ஊறப் போட்டிருக்கிறார். இந்த முறை எல்லாக் கோப்பையும் திட்டின் மேல்தான், அதுவும் தினமும் இடம் மாற்றி மாற்றி. தன் அரிசித் தண்ணீரை நிழல் கெடுத்துவிட்டது என்பது அவர் கட்சி.