ஆறு நிமிடக் கணக்கு

"கிடைத்தது, நன்றி."

இந்த இரண்டு சொல் மின்னஞ்சலுக்கு 15 பவுண்டு!

லண்டனில் எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஆலோசகர் பில்லை இன்று சரிபார்த்தேன். மணிக்கு 150 பவுண்டு. ஆறு நிமிடம் ஒரு யூனிட். ஒரு நிமிட வேலைக்கும் முழு யூனிட் விழும்.

ஒரே நாளில் இப்படி ஐந்து மின்னஞ்சல், 75 பவுண்டு. எல்லாம் சேர்ந்தே பத்து நிமிடம் இருக்காது. அன்றைய நேரத்தை மொத்தமாகக் கூட்டி, அதன்பிறகு யூனிட்டாக்கினால் இரண்டுதான், 30 பவுண்டு. எந்த முறை என்று ஒப்பந்தத்தில் தேடினேன். நாள் மொத்தம் என்றே இருந்தது.

செலவுப் பட்டியல் இன்னும் சுவாரசியம்.

ஹோட்டல் ரசீது 120 பவுண்டு. அதில் 20 வாட் வரி. ஆலோசகர் வாட் பதிவு உள்ளவர் என்பதால் வழக்கமான முறையில் அந்த 20ஐ அவர் தன் வரிக்கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆக, நமக்கு 100 போட்டு, அதன்மேல் 20% வாட். அவரோ 120க்கு மேல் 20% போட்டு 144 ஆக்கியிருந்தார்.

வரிக்கும் வரி.

ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ரசீதின் மொத்தத் தொகையை அப்படியே மென்பொருளில் தட்டினால் இப்படித்தான் வரும். பில்லில் வெறும் "தங்கும் செலவு 120" என்றுதான் இருக்கும். ரசீதைப் பார்க்காதவருக்கு இது தெரியவே தெரியாது.