பாதி வெட்டுப்பட்ட மியூசிக் ஷீட் போட்டோவ நான் எப்படி படிச்சேன் (கிரேட் 5 தியரி படிக்கிறவங்களுக்கு)

நான் பட்டர்வொர்த்ல இருக்கேன், பாயான் லெப்பாஸ்ல ஷிஃப்ட் வேலை, அதனால பியானோ கிளாஸ் வாரத்துல ஒரு நாள்தான். போன மாசம் நைட் ஷிஃப்ட்னால ஒரு கிளாஸ் போகல, மிஸ் அடுத்த பீஸ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பிட்டாங்க. வந்தது ரெண்டாவது பக்கம் மட்டும்தான், அதுலயும் இடது ஓரம் மேலருந்து கீழ வரைக்கும் வெட்டுப்பட்டிருந்துச்சு. கிளெஃப் ஒண்ணு கூட தெரியல. மிஸ் ஊருக்கு கிளம்பிட்டாங்க, ரெண்டு நாள் கழிச்சுதான் முதல் பக்கம் கிடைக்கும்னாங்க, சரி இருக்கிறத வெச்சு படிப்போம்னு உட்கார்ந்துட்டேன். கிரேட் 5 தியரிக்கு நான் செஞ்ச பயிற்சியிலயே அந்த ரெண்டு நாள்தான் ரொம்ப உதவுச்சு.

முதல்ல ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும், கிளெஃபும் கீ சிக்னேச்சரும் ஒவ்வொரு வரி ஆரம்பத்துலயும் திரும்ப எழுதுவாங்க, ஆனா டைம் சிக்னேச்சர் பீஸ் ஆரம்பத்துல ஒரு தடவைதான், அப்புறம் நடுவுல மாறினா மட்டும்தான் வரும். அதனால ரெண்டாவது பக்கத்துல 3/4, 6/8 எதுவும் இருக்காது, நம்மதான் கண்டுபிடிக்கணும்.

கிளெஃப் வெட்டுப்பட்டுச்சே தவிர அதுக்கு பக்கத்துல இருந்த ரெண்டு ஃப்ளாட் தப்பிச்சிருந்துச்சு. அது போதும். ஃப்ளாட் எப்பவும் பி-ல ஆரம்பிக்கும், அடுத்தது ஈ, இந்த வரிசை மாறவே மாறாது. ட்ரெபிள் கிளெஃப்ல பி நடு கோட்டுல இருக்கு, பேஸ் கிளெஃப்ல கீழருந்து ரெண்டாவது கோட்டுல இருக்கு, ஆல்ட்டோ கிளெஃப்னா கோட்டுலயே வராது, கீழருந்து ரெண்டாவது இடைவெளியில வரும். அப்போ முதல் ஃப்ளாட் எங்க உட்கார்ந்திருக்குன்னு பார்த்தாலே கிளெஃப் தெரிஞ்சிடும். என் போட்டோவுல மேல் ஸ்டேவ்ல நடு கோடு, கீழ் ஸ்டேவ்ல ரெண்டாவது கோடு, அதனால ட்ரெபிள், பேஸ். பியானோன்னா மேல ட்ரெபிள்தானேன்னு தோணும், ஆனா இடது கைக்கும் சில இடத்துல ட்ரெபிள் போடுவாங்க, அதனால பார்த்துதான் முடிவு பண்ணணும்.

ரெண்டு ஃப்ளாட்னா பி ஃப்ளாட் மேஜர், இல்ல ஜி மைனர். இங்க போட்டோவோட மங்கல் இடிச்சுச்சு, பல இடத்துல எஃப் நோட்டுக்கு முன்னாடி ஏதோ ஒரு குறி, பெருசாக்கி பார்த்தா ஷார்ப்பா நேச்சுரலான்னு புரியாத அளவுக்கு கசங்கி இருந்துச்சு. ஆனா யோசிச்சு பாருங்க, கீ சிக்னேச்சர்ல பி, ஈ ரெண்டுதான் ஃப்ளாட், எஃப் ஏற்கெனவே நேச்சுரல்தான். நேச்சுரலா இருக்கிற நோட்டுக்கு யாரும் சும்மா நேச்சுரல் குறி போட மாட்டாங்க, அதே பார்லயோ முந்தின பார்லயோ எஃப் ஷார்ப் வந்து அத ரத்து பண்ணினா மட்டும்தான் போடுவாங்க. அப்போ முதல்ல வர்ற குறி ஷார்ப்பாதான் இருக்கணும். எஃப் ஷார்ப் ஜி மைனரோட லீடிங் நோட், கடைசி பார்ல இடது கையோட கடைசி நோட்டும் ஜி, சந்தேகம் தீர்ந்துச்சு.

அடுத்தது டைம் சிக்னேச்சர், இங்கதான் நான் தப்பு பண்ணேன். ஒரு பார் எடுத்து கூட்டினேன், வலது கையில டாட் வெச்ச கிராட்செட், அப்புறம் ஒரு குவேவர், அப்புறம் ஒரு கிராட்செட். கிராட்செட் கணக்குல ஒன்றரை, அரை, ஒண்ணு, மொத்தம் மூணு. உடனே 3/4னு பென்சில்ல எழுதிட்டு ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணி வாசிச்சேன். நோட்டு எல்லாம் சரியா விழுந்தும் பாட்டு நொண்டுற மாதிரி இருந்துச்சு. என் தங்கச்சி கோயில் கிளாஸ்ல பரதம் கத்துக்குறா, பக்கத்துல இருந்து கேட்டுட்டு இருந்தவ போன வாங்கி இடது கை வரிய காட்டினா. "அக்கா, இங்க மூணு மூணா கட்டி வெச்சிருக்காங்க பாரு, இது தகிட தகிட லா, நீ தக தக தகன்னு வாசிக்குற."

அவளுக்கு நோட்டேஷன் தெரியாது, ஆனா அவ காட்டினதுதான் விஷயம். 3/4லயும் 6/8லயும் ஒரு பாருக்கு ஆறு குவேவர்தான், கூட்டினா ரெண்டும் ஒரே கணக்குதான் வரும், அதனால கூட்டல் மட்டும் பத்தாது. குவேவர எப்படி பீம் போட்டு சேர்த்திருக்காங்கன்னு பார்க்கணும். 6/8னா மூணு மூணா ரெண்டு கட்டு, அது தகிட தகிட. 3/4னா ரெண்டு ரெண்டா மூணு கட்டு, தக தக தக, சில சமயம் ஆறையும் ஒரே பீம்ல போட்டுடுவாங்க. நான் எடுத்த பார்ல பீமே இல்ல, அதனால ரெண்டுக்கும் பொருந்திடுச்சு. நீங்க டைம் சிக்னேச்சர் தேடும்போது குவேவர் அதிகமா இருக்கிற பாரா பார்த்து எடுங்க.

6/8னு முடிவானதும் எல்லா பாரையும் குவேவர் கணக்குல கூட்டி சரி பார்த்தேன், கிராட்செட் 2, டாட் வெச்சா 3, மினிம் 4, டாட் வெச்ச மினிம் 6. ரெண்டு பார்ல மட்டும் ஆறுக்கு பதிலா அஞ்சு வந்துச்சு.

முதல் பார் புத்தகம் மடியுற இடத்துக்கு கிட்ட, கோடெல்லாம் வளைஞ்சு நிழல் விழுந்திருந்துச்சு. வலது கையில கிராட்செட், கிராட்செட், குவேவர், அதாவது 2, 2, 1. ஏதோ ஒரு டாட் காணாம போயிருக்கு, ஆனா எந்த நோட்டோடது? இதுக்கு இடது கைய பார்க்கணும், ஒரே நேரத்துல ஒலிக்கிற நோட்ட மேலயும் கீழயும் நேரா அடுக்கிதான் அச்சடிப்பாங்க. இடது கையில ஆறு குவேவர், அதுல நாலாவதுக்கு நேர் மேல வலது கையோட ரெண்டாவது கிராட்செட் நின்னுச்சு. அப்போ முதல் கிராட்செட் மூணு குவேவர் நீளம், டாட் அதோடதுதான். பெருசாக்கி பார்த்தப்போ நோட்டுக்கு வலது பக்கம் லேசா ஒரு சாம்பல் புள்ளி தெரிஞ்சுச்சு. நீளத்த கூட்டுற டாட் எப்பவும் நோட்டுக்கு வலது பக்கத்துலதான் வரும், தலைக்கு மேலயோ கீழயோ இருந்தா அது ஸ்டக்காட்டோ, கணக்குல சேர்க்கக் கூடாது. ஜெராக்ஸ் எடுத்த தாள்ல தூசி கூட டாட் மாதிரியே விழும், கூட்டிப் பார்த்தாதான் எது நிஜம்னு தெரியும்.

மிஸ்கிட்ட அப்புறம் கேட்டுக்கிட்டது, வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பாம டாக்குமென்ட்டா அனுப்புங்கன்னு, போட்டோவா போனா அது சுருக்கிடுது, முதல்ல அழியுறது இந்த டாட்டும் ஷார்ப் குறியும்தான். மினிம் தலையோட உள் வெள்ளையும் அடைஞ்சு கிராட்செட் மாதிரி ஆயிடும்.

ரெண்டாவது அஞ்சு, கடைசி பார். வலது கையில டாட் வெச்ச கிராட்செட், அப்புறம் டாட் இல்லாத கிராட்செட், இடது கையிலயும் அதே. அங்க போட்டோ தெளிவா இருந்துச்சு, எவ்வளவு பெருசாக்கினாலும் டாட் இல்ல. ரெண்டு கையிலயும் ஒரே இடத்துல ஒரே டாட் அழியுமான்னு சந்தேகமா இருந்துச்சு, ஒண்ணும் சேர்க்காம அப்படியே விட்டுட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு முதல் பக்கம் வந்துச்சு. மேல 6/8. அதுக்கு அடுத்து, முதல் பார் கோட்டுக்கு முன்னாடி, தனியா ஒரே ஒரு குவேவர், எடுப்பு மாதிரி. கடைசி பார்ல குறைஞ்ச அந்த ஒண்ணு இங்க இருந்துச்சு.