லாரி வரும் முன்னே போன பெனால்டி மெயில்

துணி தாமதமானதற்குச் சப்ளையரிடம் பெனால்டி கழித்தது போன வாரம்தான் ஒருவழியாக முடிந்தது. தொகை 6,400 ரூபாய். சின்னத் தொகைதான், ஆனால் அதற்காக ஒரு நல்ல சப்ளையரையே இழந்திருப்போம்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கிறேன். சாயமேற்றிய சிங்கிள் ஜெர்சி 2,000 கிலோ, கிலோ 400 ரூபாய். 1,200 கிலோ தேதிக்கே வந்துவிட்டது. மீதி 800 கிலோ வரவே இல்லை. தாமதமான சரக்கின் மதிப்பில் வாரத்துக்கு 1 சதவீதம், ஒரு நாள் கூடினாலும் முழு வாரக் கணக்கு, அதிகபட்சம் 5 சதவீதம் என்பது பர்ச்சேஸ் ஆர்டரில், அதாவது பி.ஓ.வில் உள்ள ஷரத்து.

பெனால்டி மெயில் அனுப்பும் முன் சப்ளையர் கம்பெனி ஓனருக்குப் போன் போட்டேன். மெயிலை முதலில் பார்த்தால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். அவர் கோபப்படவில்லை. ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். எங்கள் மெர்ச்சண்டைசர் தம்பி வாட்ஸ்அப்பில் "பரவால்லீங்கண்ணா, சீக்கிரம் அனுப்புங்க" என்று எழுதியிருக்கிறான். "உங்க ஆளே பரவால்லைன்னு சொல்லிட்டாருங்களே, இப்ப பெனால்டிங்கறீங்க?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

ஆடிட்டரிடம் ஓடினேன். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55-வது பிரிவைக் காட்டினார். தேதிதான் முக்கியம் என்று போட்ட ஒப்பந்தத்தில், தாமதமாக வந்த சரக்கை ஏற்கும்போதே "இழப்பீடு கேட்கப்போகிறேன்" என்று நோட்டீஸ் தராவிட்டால் பிறகு கேட்க முடியாது. எங்கள் பி.ஓ.வில் தேதி பற்றிய அந்த வரி இருக்கிறது. அந்த 800 கிலோவோடு லாரி மறுநாள் காலை வருகிறது. சரக்கை இறக்கி இன்வர்ட் போட்டபின் மெயில் அனுப்பியிருந்தால் கேட்கும் உரிமையே கேள்விக்குறி. பலர் பில் பாஸ் செய்யும்போதுதான் பெனால்டியை நினைக்கிறார்கள். அதற்குள் காலம் கடந்துவிடும்.

அன்று மாலையே ஓனருக்கு மட்டும் அனுப்பினேன், எங்கள் அக்கவுண்ட்ஸுக்கு ஒரு காப்பி. நடுப்பகுதி இது:

"நாளை வரும் 800 கிலோவை ஏற்றுக்கொள்கிறோம். பி.ஓ. ஷரத்தின்படி தாமதத்துக்கான தொகையைக் கோரும் உரிமையை வைத்துக்கொண்டே ஏற்கிறோம். வாட்ஸ்அப் செய்தி சரக்கை விரைவுபடுத்தக் கேட்டது. தேதியை நீட்டித்தது அல்ல. நாளை இறங்கினால் தாமதம் 17 நாள். வெளிநாட்டு பையர் லேப் டிப் அப்ரூவலுக்கு எடுத்த 4 நாள் உங்கள் பொறுப்பில்லை, கழித்துவிட்டோம். மீதி 13 நாள், 2 வாரக் கணக்கு: 3,20,000 ரூபாயில் 2 சதவீதம், 6,400 ரூபாய். கணக்கில் மாற்றம் இருந்தால் சொல்லுங்கள். பாக்கித் தொகை வழக்கமான தேதியில் வரும். அடுத்த ஆர்டரின் துணியும் உங்களிடம்தான்."

கழிக்காமல் விட்டிருந்தால் 3 வாரம், 9,600 ரூபாய் வந்திருக்கும். லேப் டிப், அதாவது சாய நிற மாதிரிக்கு பையர் ஒப்புதல் தர எடுத்த அந்த 4 நாளை அவர் கேட்கும் முன்பே கழித்ததுதான் வேலை செய்தது. கட்டிங் நின்ற நாட்களின் லைன் ரிப்போர்ட்டையும் இணைத்திருந்தேன். அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி ஷரத்தில் உள்ள தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், ஆகவே நஷ்டத்துக்கு ஒரு தாள் கையில் இருக்க வேண்டும்.

மறுநாள் மதியம் பதில் வந்தது: "சரிங்க, கழிச்சுக்கோங்க. லேப் டிப் நாட்களை நீங்களே விட்டது நல்லதுங்க."

இதோடு முடியும் என்று நினைத்தால், அடுத்த இடைஞ்சல் எங்கள் அக்கவுண்ட்ஸிலேயே. பெனால்டியைக் கழிப்பதற்கான டெபிட் நோட் அவர் கையெழுத்தாகித் திரும்பும் வரை முழு பில்லையும் நிறுத்தி வைத்தார்கள். சப்ளையர் உத்யம் பதிவுள்ள சிறு உற்பத்தியாளர். சரக்கை ஏற்ற அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் போயாக வேண்டும், தவறினால் வட்டி. நிதியாண்டு முடிவில் அப்படி நிலுவை நின்றால் வருமான வரியில் அந்த ஆண்டுச் செலவாகவும் காட்ட முடியாது. 6,400-க்காக மூன்று லட்சத்தைப் பிடித்தால் எந்த சப்ளையர் சிரித்த முகத்தோடு இருப்பார்? சண்டை போட்டு ரிலீஸ் செய்ய வைத்தேன்.

டெபிட் நோட்டில் ஜிஎஸ்டி வேறு போட்டிருந்தார்கள். தாமத இழப்பீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று 2022 ஆகஸ்ட் 3 தேதியிட்ட சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது. அதைக் காட்டி, வரியில்லாத சாதாரண டெபிட் நோட்டாக மாற்றினோம்.

அடுத்த லாட் துணி சொன்ன தேதிக்கு முந்தின நாளே இறங்கியது. இப்போது எங்கள் பி.ஓ.வில் ஒரு வரி கூட்டியிருக்கிறேன்: டெலிவரி தேதி மாற்றம் பர்ச்சேஸ் மெயிலில் வந்தால் மட்டுமே செல்லும்.