வெல்ஷ் கடிதத்தில் ஒரு வரி, மூன்று 'அன்'

வெல்ஷ் மொழித் தேர்வுக்குப் பழகுவதற்காக நான் எழுதிய முதல் கடிதத்தில், 'என் அண்ணன் மருத்துவர், கார்டிஃபில் வசிக்கிறார்' என்ற ஒரே வரியில் ஆசிரியர் நான்கு இடங்களில் சிவப்பு மை இட்டிருந்தார். அந்த வரியின் சரியான வடிவம் 'மை வ ம்ரௌட் அன் வெதிக் அக் அன் பியூ அங் ங்ஹைர்தீத்' என்பதாகும்.

அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவான சொல் 'ப்ரௌட்'. அதன் முன் 'என்' என்று பொருள்படும் 'வ' வந்தால் முதலெழுத்து மூக்கொலியாகி 'ம்ரௌட்' ஆகிறது. இடத்தைக் குறிக்கும் 'அன்' (நம் 'இல்') வந்தாலும் இதே மாற்றம்தான். க, த, ப மூன்றும் ங, ந, ம ஆகின்றன. நம் வல்லின மெல்லின இணைகளே இவை என்பதால், இந்தப் பகுதியை நான் மனப்பாடம் செய்யவே இல்லை.

ஆனால் அங்கேயே ஒரு குழியும் இருந்தது. நம் எழுத்தில் 'ப' ஒன்றுதான். வெல்ஷில் அதிர்வுள்ள ஒலியும் அதிர்வில்லாத ஒலியும் தனித்தனி எழுத்துகள், அதிர்வில்லாதவை மூக்கொலியாகும்போது கூடவே ஒரு 'ஹ' சேரும். 'பாங்கோர்' நகரின் முதலொலி அதிர்வுடையது என்பதால் 'அம் மாங்கோர்'. 'கைர்தீத்' (கார்டிஃபின் வெல்ஷ் பெயர்) அதிர்வற்ற ககரத்தில் தொடங்குவதால் 'அங் ங்ஹைர்தீத்'. நான் அந்த 'ஹ'வை விட்டுவிட்டேன். மூலச் சொல்லைத் தொண்டையில் கைவைத்துச் சொல்லிப் பார்த்து, தொடக்கத்திலேயே அதிர்வு இல்லையென்றால் 'ஹ' சேர்ப்பது என்று பிறகு வழக்கப்படுத்திக்கொண்டேன். அடுத்து வரும் ஒலிக்கேற்ப 'அன்' தானும் 'அம்', 'அங்' என்று மாறுவதைக் கவனியுங்கள். 'ம' மாறாத எழுத்து என்றாலும் மதுரையில் என்பதற்கு 'அம் மதுரை' என்றே எழுத வேண்டும்.

உண்மையான தலைவலி மற்ற இரண்டு 'அன்'களில்தான். 'மருத்துவராக இருக்கிறார்' என்பதில் உள்ள 'ஆக' போன்ற 'அன்', பெயரையும் பெயரடையையும் மென்மையாக மாற்றுவதால், 'மெதிக்' என்னும் மருத்துவர் 'வெதிக்' ஆகிறார். வினைப்பெயருக்கு முன் வந்து நிகழ்காலத்தைக் காட்டும் 'அன்' எதையும் மாற்றாது. நானோ விதியைப் புரிந்துகொண்ட உற்சாகத்தில் 'வசி' என்னும் 'பியூ'வையும் மாற்றி 'அன் வியூ' என்று எழுதிவிட்டேன். 'பியூ' என்பது 'உயிருள்ள' என்ற பெயரடையாகவும் வழங்குவதால், 'என் அண்ணன் கார்டிஃபில் உயிரோடு இருக்கிறார்' என்று பொருள் வந்துவிட்டது. அந்த இடத்தின் ஓரத்தில் ஆசிரியர் 'மகிழ்ச்சி' என்று மட்டும் குறித்திருந்தார்.

அதன்பின் ஒவ்வொரு 'அன்'னின் கீழும் பென்சிலால் 'இல்', 'ஆக', 'வினை' என்று எழுதிவிட்டுத்தான் அடுத்த சொல்லின் முதலெழுத்தைத் தொட்டேன். இரண்டாவது கடிதத்தில் அண்ணனைப் பற்றிய வரி திருத்தமின்றித் திரும்பி வந்தது. அப்பாவைப் பற்றிய வரியில் மட்டும் 'வ ந்ஹாத்' என்பதன் 'ஹ' மறுபடியும் விடுபட்டிருந்தது.