'முடிந்தது' என்று எழுதிய கோப்பு

அண்ணா சாலைக்குப் பின்னால் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில், தொழிலாளர் இழப்பீட்டுக் கோப்புகளைச் சுருக்கி எழுதும் வேலை எனக்கு. காயம், சிகிச்சைச் செலவு, இழந்த நாட்கள், தீர்வு நிலை என்று நான்கு கட்டங்கள். நான் முதலில் தப்பாக நிரப்பிய கோப்பு இன்னும் நினைவில் இருக்கிறது.

அம்பத்தூர்ப் பக்கம் ஆறு பேர் வேலை செய்யும் பட்டறை. பத்துப் பேர் இல்லாததால் இ.எஸ்.ஐ. என்ற அரசுக் காப்பீடு கிடையாது. பவர் பிரஸ்ஸில் 30 வயதுக்காரர் ஒருவரின் விரல் சிக்கியிருந்தது. 'விரல் காயம்' என்று எழுதினேன். செலவுக் கட்டத்தில் மருத்துவமனையின் உத்தேச மதிப்பீடு, முன்பணம், இறுதி பில் எல்லாவற்றையும் கூட்டிவிட்டேன். உண்மையில் இறுதி பில்லான 72,400 ரூபாய்தான் செலவு.

நாட்களிலும் அப்படித்தான். வருகைப் பதிவேடு ஞாயிறுகளையும் விடுமுறையையும் கழித்து 39 என்றது. மார்ச் 6 முதல், மருத்துவர் வேலைக்குப் போகலாம் என்று எழுதிய ஏப்ரல் 22-க்கு முந்தைய நாள் வரை எண்ணினால் 47. அவர் மே 2-ஆம் தேதிதான் வேலைக்குத் திரும்பினார். எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்று பக்கத்தில் எழுதாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

கோப்பின் கடைசியில், 60,000 ரூபாய் முழுமையாகப் பெற்றுக்கொண்டேன் என்று தொழிலாளி கையெழுத்திட்ட ரசீது இருந்தது. சரி, 'முடிந்தது' என்று எழுதிவிட்டேன்.

எங்கள் பிரிவின் மூத்த அக்கா அதைப் பார்த்துவிட்டு, "எந்த விரல், எந்தக் கணு வரைக்கும்மா?" என்று கேட்டார். அறுவை சிகிச்சைக் குறிப்பைத் திருப்பினேன். ஆள்காட்டி விரலில் இரண்டு கணுக்கள் போயிருந்தன. அப்போது நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணைப்படி அது 11 சதவீத சம்பாதிக்கும் திறன் இழப்பு. ஒரு கணு என்றால் 9, முழு விரல் என்றால் 14.

அப்புறம் கணக்குப் போட்டோம். மாதச் சம்பளம் 14,000 ரூபாய், அதில் 60 சதவீதம் 8,400. அந்தச் சட்டம் வயதுக்கு ஏற்பத் தந்த காரணி 30 வயதுக்கு 207.98. இரண்டையும் பெருக்கி 11 சதவீதம் எடுத்தால், பைசாவை விட்டு, 1,92,173 ரூபாய். ஆஸ்பத்திரி பில்லைக் கட்டியதைக் காட்டி முதலாளி இதில் எதையும் குறைக்க முடியாது, அது தனி.

"ஒப்பந்தத்தை இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்தாங்களா?" என்பது அக்காவின் அடுத்த கேள்வி. பதிவுக் குறிப்பு எங்கும் இல்லை. மொத்தத் தொகையாக ஒப்புக்கொண்டதைப் பதிவு செய்யாமல் விட்டால் முழு இழப்பீட்டுக்கும் முதலாளிதான் பொறுப்பு. கொடுத்த பணத்திலும், ஆணையர் வேறுவிதமாகச் சொன்னாலொழிய, பாதிக்கு மேல் கழிக்க முடியாது. ஆக 30,000 போக 1,62,173 ரூபாய் பாக்கி. அந்த மனிதர் 60,000 ரூபாயோடு எல்லாம் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டு ஊரில் இருந்தார். அதை நினைத்தபோது வயிற்றைப் பிசைந்தது.

'முடிந்தது' என்பதை அடித்துவிட்டு, 'ரூ.60,000 நேரடியாகக் கொடுக்கப்பட்டது, ஒப்பந்தம் பதிவாகவில்லை, பாக்கி உண்டு' என்று எழுதினேன். கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்திலும் எழுத வேண்டியிருந்தது.