இரண்டும் ஒன்றுதான் என்று எழுதினேன்

எங்கள் ரிசார்ட்டிலிருந்து அனுப்பிய கொட்டேஷனைப் பற்றி லண்டனிலிருந்து வந்த அந்த மெயிலில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. பிடிஎஃப்பில் உள்ள தொகையும் எக்செல்லில் உள்ள தொகையும் ஒத்துப்போகவில்லையே, எது சரி என்று அந்த அம்மா கேட்டிருந்தார். நான் இரண்டு ஃபைலையும் திறந்து அருகருகே வைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்த்தேன். இரண்டிலும் மொத்தம் 40,46,220. "இரண்டும் ஒன்றுதான், சரிபார்த்துவிட்டேன்" என்று பதில் போட்டேன். அதன் பிறகு அவரிடமிருந்து மெயில் வரவில்லை.

நான் பொய் சொல்லவில்லை. என் திரையில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. இதை எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன், மனம் ஆறவில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டில் மூன்று நாள் கூட்டத்துக்கான கொட்டேஷன் அது. 60 அறை, மூன்று இரவு, அறைக்கு 11,500 என்று 20,70,000. தொண்ணூறு பேருக்கு மூன்று நாள் ஹாலும் சாப்பாடும் 8,64,000. கடைசி நாள் விருந்து 4,95,000. ஆகமொத்தம் 34,29,000, அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. கணக்கில் ஒரு ரூபாய்கூடப் பிழை இல்லை.

ஒன்பது நாள் கழித்து, அந்த லண்டன்காரர்களை நமக்கு அறிமுகப்படுத்திய டிராவல் ஏஜென்ட் போன் செய்தார். "என்ன சார், நாலு கோடி கேட்டீங்களாமே?" என்றார். நாற்பது லட்சம் சார் என்றேன். "அவங்க நாற்பது மில்லியன்னு எடுத்துக்கிட்டாங்க சார். வேற ஊர்ல முடிச்சுட்டாங்க."

நாற்பது மில்லியன் என்றால் நாலு கோடி. பத்து மடங்கு! அன்று ராத்திரி உட்கார்ந்து யோசித்தபோதுதான் அந்த அம்மாவின் கேள்வி எனக்குப் புரிந்தது.

எக்செல்லில் நாம் தட்டுவது வெறும் 4046220. கமா எங்கே விழ வேண்டும் என்பதை ஃபைல் தீர்மானிப்பதில்லை. திறக்கிறவருடைய விண்டோஸில் எந்த நாட்டு அமைப்பு இருக்கிறதோ, அதுதான் தீர்மானிக்கிறது. என் கம்ப்யூட்டரில் இந்தியா என்று இருந்ததால் 40,46,220 என்று காட்டியது. அதே ஃபைல் லண்டனில் திறக்கும்போது 4,046,220 என்று காட்டும். பிடிஎஃப் அப்படி மாறாது, நான் அடித்த கமாவோடு உறைந்துபோய்விடும். ஆக, அவர் பார்த்த இரண்டு தாள்களும் உண்மையிலேயே வேறு வேறு மாதிரிதான் இருந்தன. அவர் கேட்டது சரியான கேள்வி.

இதில் ஒரு விஷயம்தான் என்னை விடாமல் உறுத்துகிறது. லட்சத்துக்குக் கீழே இருக்கும் எந்தத் தொகைக்கும் கமா இரண்டு முறையிலும் ஒரே இடத்தில்தான் விழும். 11,500 அவர்களுக்கும் 11,500. அதனால் அறை வாடகை, ஒரு தலைக்கான சாப்பாட்டு விலை எதிலும் அவருக்குச் சந்தேகம் வந்திருக்காது. லட்சத்தைத் தொட்ட வரிகளில்தான் விசித்திரம். 40,46,220 என்பதைப் பார்க்கிற கண், நடுவில் மூன்று இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதானே இருக்கிறது, டைப் அடித்தவர் ஒன்றை விட்டுவிட்டார் என்று நினைக்கும். விட்டுப்போன இடத்தில் ஒரு சைபரைப் போட்டுப் படித்தால் நாற்பது மில்லியன் ஆகிவிடுகிறது.

அறுபதை மூன்றாலும் பதினோராயிரத்து ஐநூறாலும் பெருக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே என்று எனக்கும் தோன்றியது, மேனேஜரும் அதையேதான் சொன்னார். ஆனால் அந்த அம்மா எங்களிடம் கேட்டுவிட்டாரே. சரிபார்த்துவிட்டேன் என்று ஹோட்டலே எழுதிக்கொடுத்த பிறகு யார் உட்கார்ந்து பெருக்குவார்கள்?

மேனேஜருடைய வாதம் வேறு. "நம்ம ஊர்ல நடக்கிற வேலைக்கு நம்ம முறையில எழுதுறது தப்பா தம்பி? அதே தாள்தான் நம்ம அக்கவுன்ட்ஸுக்கும் போகுது. அங்க 2,070,000ன்னு எழுதினா ரெண்டு லட்சத்து ஏழாயிரம்னு படிச்சிட்டுப் போவாங்க." அதை நான் மறுக்கவில்லை, ஏனென்றால் அவர் சொன்னது நடந்தது. அடுத்த மாதம் அட்வான்ஸ் ரசீது போடும்போது கேஷியர் அண்ணன் மூன்றிலக்கக் கமா போட்ட தொகையை ஒரு சைபர் குறைத்துத்தான் படித்தார். நல்லவேளை, பக்கத்திலேயே இருந்ததால் பிடித்துவிட்டேன்.

சுருக்கெழுத்து இன்னும் மோசம். பழைய கொட்டேஷன்களில் மொத்தத்தை 1.12 Cr என்று போடுவது எங்கள் பழக்கம். கணக்குத் துறையில் இருப்பவருக்கு Cr என்றால் வரவு. ஒரு கம்பெனியின் நிதிப் பிரிவிலிருந்து, எங்களுக்கு எதற்காக இந்த வரவு என்று கேட்டே எழுதியிருந்தார்கள். அன்று அதை வேடிக்கையான கேள்வி என்று நினைத்து நகர்ந்துவிட்டேன். அப்போதே விழித்திருக்க வேண்டும்.

இப்போது வெளிநாட்டுக்குப் போகும் கொட்டேஷனில் தொகையை மூன்றிலக்கக் கமாவோடு எழுதி, அதன் கீழேயே எழுத்தால் லட்சத்திலும் எழுதுகிறேன். ரூபாய் என்று மட்டும் போட்டால் இலங்கை, நேபாளம், மொரீஷியஸிலும் ரூபாய்தான் என்பதால் INR என்று முன்னால் போடுகிறேன். எக்செல்லில் எந்த நாட்டில் திறந்தாலும் கமா நகராமல் இருக்க, கலத்துக்கு இந்த வடிவத்தைக் கொடுக்கிறேன்:

```
[>=1000000]#\,000\,000;[>=1000]#\,000;0
```

கமாவுக்கு முன்னால் இருக்கும் அந்தச் சாய்கோடுதான் அதை வெறும் எழுத்தாக ஆக்கிவிடுகிறது, கம்ப்யூட்டரின் நாட்டு அமைப்பு அதைத் தொடாது. தள்ளுபடியைக் கழித்தல் குறியோடு போட்டால் மட்டும் கமா இல்லாமல் வரும். அந்த வரியைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதோடு தீர்ந்தது என்று இருந்தேன். ஆனால் பிறகு ஒரு கொட்டேஷனில் அறை வாடகையை 10,800 ஆகக் குறைத்துக் கொடுத்தோம். எண்கள் தாமாக மாறிவிட்டன. கீழே நான் கையால் எழுதியிருந்த லட்சக் கணக்கு மாறவில்லை. ஒரே தாளில் இரண்டு தொகையோடு அது வெளியே போய்விட்டது. இந்த முறை நிஜமாகவே ஒத்துப்போகவில்லை. அவர்கள் போன் செய்து கேட்டார்கள், திருத்தி அனுப்பினேன். தொகை ஓரிடத்தில் மட்டும் இருக்கட்டும் என்று மேனேஜர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று அன்று நினைத்தேன். மறுநாளே, அப்படிச் செய்தால் இரண்டு வாசகரில் ஒருவர் கண்ணைக் கட்டிவிட்டதாகத்தான் ஆகும் என்றும் நினைத்தேன். இன்னும் இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறேன்.

அந்த லண்டன் கூட்டம் கமாவால்தான் கைவிட்டுப் போனதா என்பதுகூட எனக்கு நிச்சயமில்லை. ஏஜென்ட் சொன்னதை வைத்துத்தான் பேசுகிறேன். வேறு ஊரில் இன்னும் மலிவாகக் கிடைத்திருக்கலாம், மறுக்க அது ஒரு சாக்காக இருந்திருக்கலாம். இப்படி நினைத்தால் கொஞ்சம் லேசாக இருக்கிறது. உடனே அந்த மெயில் ஞாபகம் வருகிறது. உங்கள் திரையில் என்ன தெரிகிறது, ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை. நான் கேட்கவில்லை. என் திரையைப் பார்த்துவிட்டு அவருக்குப் பதில் சொன்னேன்.